மனையா, மியூச்சுவல் ஃபண்டா: அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு, பார்க்க வேண்டிய பேப்பர்

எங்க அப்பா 2010 வாக்குல வாங்கிப் போட்ட மனையை போன வருஷம் தான் வித்தோம். விக்குறதுக்குள்ள பட்டா ஆபீஸ், பத்திர ஆபீஸ், பேங்க்னு அலைஞ்ச அலைச்சல்ல தெரிஞ்சுகிட்டத எல்லாம் ஒரே இடத்துல எழுதி வெச்சா, அடுத்து மனை வாங்கலாமா இல்ல மாசா மாசம் ஃபண்டுல எஸ்ஐபி போடலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு உதவும்னு தோணுச்சு. மாசச் சம்பளத்துல ஓடுற குடும்பம், கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு, 15 வருஷம் தொட வேண்டியதில்லன்னு வெச்சுக்கோங்க. அந்த மாதிரி ஆளுக்காக எழுதுறேன். ரூல்ஸ் எல்லாம் தமிழ்நாட்டுக்கானது, வேற மாநிலத்துல பத்திரச் செலவு மாறும்.

குடியிருக்க வீடு கட்டத்தான் மனை வாங்குறீங்கன்னா இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்ல, அந்த மனையை சதுர அடி கணக்கு மட்டும் வெச்சு எடை போட முடியாது. "வாங்கிப் போட்டா பின்னாடி ஏறும்"னு வாங்குற மனையப் பத்தி மட்டும் பேசுறேன்.

1. "நாலு மடங்கு ஆச்சு"ங்குறத வருஷ சதவீதமா மாத்துங்க

மனையப் பத்தி பேசுறவங்க எல்லாரும் மடங்குல தான் பேசுவாங்க, ஃபண்டு பத்தி பேசுறவங்க வருஷ சதவீதத்துல பேசுவாங்க, அதனால ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கவே முடியாது. முதல் வேலை, மனையையும் சதவீதத்துக்கு கொண்டு வர்றது தான்.

எங்க கணக்கையே முழு எண்ணா மாத்தி ஒரு உதாரணமா சொல்றேன். 1200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்ட், 2010ல சதுர அடி 500 ரூபாய்க்கு 6 லட்சம். 2025ல சதுர அடி 2,000க்கு போச்சுன்னா 24 லட்சம். நாலு மடங்கு. 15 வருஷத்துல நாலு மடங்குன்னா வருஷத்துக்கு சுமார் 9.7%, கேக்க நல்லாத் தான் இருக்கு.

இப்போ செலவையும் சேருங்க. வாங்கும்போது முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், பத்திரம் எழுதுறவருக்கு, வக்கீலுக்குன்னு எல்லாம் சேர்த்து 55,000. அப்புறம் வருஷா வருஷம் காலிமனை வரி, முள்ளு வெட்டுறது, எல்லைக்கல் சாஞ்சா திரும்ப நடுறது, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கம்பி வேலி சரி பண்றது, சராசரியா வருஷத்துக்கு 3,000. விக்கும்போது புரோக்கர் கமிஷன் 2%ன்னா 48,000.

கடைசியா வரி. நிலத்தை 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா அது நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கின நிலமா இருந்தா ரெண்டு வழியில கணக்கு போட்டுப் பார்த்து எது கம்மியோ அதைக் கட்டலாம்: பணவீக்கத்துக்கு ஏத்த மாதிரி வாங்கின விலையை உயர்த்திக் காட்டி 20%, இல்லன்னா உயர்த்தாம 12.5%. இந்த உதாரணத்துல 2025-26 நிதியாண்டுல வித்தா, உயர்த்தாம போட்டா செஸ்ஸோட சேர்த்து சுமார் 2.2 லட்சம் வரும், உயர்த்திப் போட்டா 6.55 லட்சம் அடக்க விலை 14.75 லட்சமா ஆகிடும், வரி சுமார் 1.82 லட்சம் தான். உங்க ஆடிட்டர் ஒரு வழியை மட்டும் போட்டுக் காட்டினா இன்னொண்ணையும் போடச் சொல்லுங்க, இங்கேயே கிட்டத்தட்ட 38,000 வித்தியாசம். ஆனா இந்தச் சலுகை பழைய நிலத்துக்கு மட்டும் தான், இன்னைக்கு வாங்குற மனையை நாளைக்கு விக்கும்போது 12.5% ஒரே வழி தான் இருக்கு.

எல்லாம் போக கையில நிக்கிறது சுமார் 21.7 லட்சம். 6.55 லட்சம் போட்டு, வருஷம் 3,000 போட்டு, 15 வருஷம் கழிச்சு 21.7 லட்சம். இது வருஷத்துக்கு 8% தான். 9.7ல ஆரம்பிச்சது 8ல வந்து நின்னுடுச்சு.

நீங்களே போட்டுப் பார்க்க எக்செல்ல A நெடுவரிசையில தேதி, B நெடுவரிசையில பணம், வெளிய போன பணத்துக்கு மைனஸ் குறி, கையில வந்த பணத்துக்கு குறி வேண்டாம். தலைப்பு ஒரு வரி, வாங்கினது ஒரு வரி, பராமரிப்பு 15 வரி, வித்தது ஒரு வரின்னு போட்டீங்கன்னா:

```
=XIRR(B2:B18,A2:A18)
```

சொந்தக்காரங்க யாராவது "நான் வாங்கினேன் பத்து மடங்கு ஆச்சு"ன்னு சொன்னா எந்த வருஷம் வாங்கினாங்கன்னு கேளுங்க. 30 வருஷத்துல பத்து மடங்குன்னா வருஷம் 8% கூட இல்ல.

2. ஃபண்டு எவ்வளவு குடுத்தா சமம்னு கண்டுபிடிங்க

"ஃபண்டு 12% தரும், 15% தரும்"னு யாரோ சொல்ற நம்பரை எடுத்துக்கிட்டு ஒப்பிடாதீங்க, அதுக்கு யாரும் உத்தரவாதம் குடுக்க முடியாது. கேள்வியைத் திருப்பிப் போடுங்க: மேல உள்ள மனையோட சமமா வர ஃபண்டு எவ்வளவு குடுத்தாப் போதும்?

அதே 6.55 லட்சத்தை முதல் நாளே போட்டு, வருஷம் 3,000 சேர்த்துப் போட்டா, ஃபண்டு வருஷத்துக்கு சுமார் 8.7% குடுத்தாலே வரி போக அதே 21.7 லட்சம் கையில நிக்குது. பங்குச்சந்தை ஃபண்டுல ஒரு வருஷத்துக்கு மேல வெச்சு வித்தா, ஒரு நிதியாண்டுல 1.25 லட்சம் வரைக்கும் லாபத்துக்கு வரி இல்ல, அதுக்கு மேல 12.5%. அதையும் கழிச்சுட்டு தான் சொல்றேன். ஃபண்டு 10% குடுத்துச்சுன்னா கையில 25.7 லட்சம், மனையை விட 4 லட்சம் அதிகம். மனை அதுக்கு ஈடு குடுக்கணும்னா சதுர அடி 2,000க்கு போனா பத்தாது, சுமார் 2,430க்கு போகணும்.

இப்போ உங்க முன்னாடி இருக்குற கேள்வி தெளிவா ஆயிடுச்சு பாருங்க. "இந்த ஏரியாவுல 15 வருஷத்துல விலை அஞ்சு மடங்கு ஆகுமா?" அதுக்கு நீங்க நேர்மையா ஆமான்னு சொல்ல முடிஞ்சா மனை. நீங்க வாங்கப் போற ஏரியாவுல 15 வருஷம் முன்னாடி என்ன விலைக்கு நிஜமா கைமாறுச்சுன்னு அங்க இருக்கவங்க நாலு பேர்கிட்ட விசாரிங்க. லேஅவுட் போடுறவர் சொல்ற விலைய நம்பாதீங்க, அது புது மனையோட விலை, அதே லேஅவுட்ல ஏற்கனவே வாங்கினவர் திரும்ப விக்கப் போனா என்ன கிடைக்குதுங்குறது தான் உண்மையான விலை, ரெண்டுக்கும் நல்ல இடைவெளி இருக்கும்.

லோன் போட்டு வாங்குறதா இருந்தா இன்னும் சீக்கிரம் முடிவு தெரிஞ்சிடும். லோன் வட்டி 9%, மனை குடுக்குறது 8%ன்னா மாசா மாசம் இஎம்ஐ கட்டிக் கட்டி நஷ்டத்தை வாங்குறீங்க. வீடு கட்டாத வரைக்கும் மனை லோனுக்கு வீட்டுக்கடன் வரிச்சலுகையும் கிடையாது. முதலீட்டுக்காக லோன்ல மனை வாங்காதீங்க, இதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே இல்ல.

3. மனை தான்னு முடிவு பண்ணா, அட்வான்ஸுக்கு முன்னாடி பேப்பர்

அட்வான்ஸ் குடுத்துட்டா மனசு அப்புறம் எல்லாத்துக்கும் சமாதானம் தேட ஆரம்பிச்சுடும், அதனால பேப்பர் முதல்ல.

மூலப்பத்திரத்துல ஆரம்பிச்சு இன்னைக்கு விக்கிறவர் பேர் வரைக்கும் சங்கிலி அறுபடாம வருதான்னு பாருங்க. இடையில யாராவது இறந்திருந்தா வாரிசு சான்றிதழ்ல இருக்குற எல்லாரும், பொண்ணுங்க உட்பட, பத்திரத்துல கையெழுத்து போட்டிருக்கணும். கல்யாணமாகிப் போன அக்கா தங்கச்சி கையெழுத்து விட்டுப் போறது தான் அதிகமா கேஸ்ல போய் நிக்குது.

வில்லங்கச் சான்று, நம்ம பேச்சுல இசி, tnreginet.gov.in போய் ஆன்லைன்லயே எடுக்கலாம். குறைஞ்சது 30 வருஷத்துக்கு எடுங்க. இதுல ஒரு பொறி இருக்கு: சர்வே நம்பர் காலப்போக்குல உட்பிரிவு ஆகியிருக்கும், 112/3ங்குறது 112/3ஏ, 112/3பின்னு பிரிஞ்சிருக்கும். புது நம்பர்ல மட்டும் தேடினா பிரியுறதுக்கு முன்னாடி நடந்த அடமானமோ விற்பனையோ கண்ணுல படாது, இசி சுத்தமா இருக்குற மாதிரி தெரியும். பழைய நம்பர், புது நம்பர் ரெண்டுலயும் எடுங்க. அப்படி எடுத்தாலும் பதிவு பண்ணாத உயிலு, வாய்மொழி பாகப்பிரிவினை எல்லாம் இசியில வராது, அதுக்குத் தான் அக்கம்பக்கம் விசாரிக்கணும், வக்கீல்கிட்ட லீகல் ஒபினியன் எழுத்துல வாங்கணும். லேஅவுட் காரர் காட்டுற வக்கீல் வேண்டாம், உங்க ஆள் பார்க்கணும்.

பட்டாவும் புலப்படமும் eservices.tn.gov.in ல பார்க்கலாம். பட்டா விக்கிறவர் பேர்ல தனியா இருக்கா, இல்ல பழைய நிலத்துக்காரங்க பேரோட கூட்டுப் பட்டாவா கிடக்கான்னு கவனிங்க. எங்க மனை விக்கும்போது இழுத்தடிச்சதே இது தான், பத்திரம் அப்பா பேர்ல சுத்தமா இருந்தும் உட்பிரிவு ஆகாததால வாங்க வந்தவரோட பேங்க் லோன் குடுக்க மாட்டேன்னுடுச்சு, சர்வேயர் வந்து அளந்து தனிப்பட்டா ஆகுற வரைக்கும் அவர் காத்துக்கிட்டு இருந்தது எங்க நல்ல நேரம். அதனால பத்திரம் ஆன கையோட உட்பிரிவுக்கும் பட்டா மாறுதலுக்கும் மனு போட்டுடுங்க, விக்கும்போது பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

அப்ரூவல் விஷயம். சென்னைப் பெருநகர்ப் பகுதின்னா சிஎம்டிஏ, மத்த இடத்துல டிடிசிபி. "பஞ்சாயத்து அப்ரூவல்"னு ஒண்ணு சொல்லுவாங்க, லேஅவுட்டுக்கு அனுமதி குடுக்குற அதிகாரம் பஞ்சாயத்து தலைவருக்கு கிடையாது. 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பதிவான, அப்ரூவல் இல்லாத மனைகளுக்கு வரன்முறை திட்டம் வந்துச்சு, அந்த மாதிரி மனைன்னா வரன்முறை ஆணையைக் கையில வாங்கிப் பாருங்க, "அப்ளை பண்ணியாச்சு"ங்குறது செல்லாது. 500 சதுர மீட்டருக்கு மேல உள்ள புது லேஅவுட்டுக்கு ரெரா நம்பரும் வேணும். அப்ரூவல் வரைபடத்துல உங்க மனை நம்பரை நீங்களே தேடிக் கண்டுபிடிங்க, பூங்காவுக்கு ஒதுக்கின இடத்தையே வித்த கதை எல்லாம் உண்டு.

4. மனைக்கு ஆகுற செலவும் காலமும்

இப்போதைக்கு தமிழ்நாட்டுல கிரையப் பத்திரத்துக்கு 7% முத்திரைத் தீர்வை, 2% பதிவுக் கட்டணம், மொத்தம் 9%. அரசு வெச்சிருக்குற வழிகாட்டி மதிப்பு, நீங்க குடுக்குற விலை, இதுல எது அதிகமோ அதுக்கு. 18 லட்சம் மனைன்னா 1.62 லட்சம் முதல் நாளே போயிடும், விலை அந்தளவு ஏறுனா தான் போட்ட பணமே திரும்பும். 10 லட்சம் மதிப்புக்கு உள்ள சொத்தை பெண்கள் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1% குறையும், 2025 ஏப்ரல்ல இருந்து இது இருக்கு.

"பத்திரத்துல கம்மியா காட்டிக்கலாம், மீதி கேஷா குடுத்துடுங்க"ன்னு விக்கிறவர் சொல்லுவார். இன்னைக்கு முத்திரைத்தாள்ல மிச்சம் ஆகுற மாதிரி இருக்கும், ஆனா நீங்க விக்கும்போது பத்திரத்துல காட்டின விலை தான் உங்க அடக்கம், கேஷா குடுத்த ஒவ்வொரு லட்சத்துக்கும் நீங்க லாபம்னு சொல்லி வரி கட்டுவீங்க. அதோட நில விற்பனையில 20,000மோ அதுக்கு மேலயோ ரொக்கமா அட்வான்ஸ் வாங்குறது வருமானவரிச் சட்டப்படி தப்பு, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரும். காசோலை இல்லன்னா பேங்க் டிரான்ஸ்ஃபர், ஒவ்வொண்ணும் பத்திரத்துல ஏறணும்.

விக்க எவ்வளவு நாள் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது, மாசக் கணக்குல வெச்சுக்கோங்க, சந்தை மந்தமா இருந்தா அதுக்கும் மேல. பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் 3 லட்சம் வேணும்னா அரை கிரவுண்ட்ல இருந்து 150 சதுர அடி மட்டும் வெட்டி விக்க முடியாது, முழுசா விக்கணும், அவசரம்னு தெரிஞ்சா வாங்குறவர் விலையை அடிப்பார். வித்த பணத்துல வீடு வாங்குறதா இருந்தா 54எஃப் பிரிவுல வரி விலக்கு கிடைக்கும், வித்து 2 வருஷத்துக்குள்ள வாங்கணும் இல்ல 3 வருஷத்துக்குள்ள கட்டி முடிக்கணும், உங்க பேர்ல ஏற்கனவே ஒரு வீட்டுக்கு மேல இருக்கக்கூடாது. வீடு வேண்டாம்னா 54இசி பத்திரங்கள்ல 6 மாசத்துக்குள்ள லாபத்தைப் போடலாம், 50 லட்சம் வரைக்கும், 5 வருஷம் எடுக்க முடியாது.

5. ஃபண்டுன்னு முடிவு பண்ணா

இங்க பேப்பர் கம்மி. பான், ஆதார், உங்க பேர்ல பேங்க் அக்கவுண்ட், கேஒய்சி, நாமினி. கேஒய்சி முடிஞ்சு பேங்க் மேண்டேட் ஓகே ஆக சில நாள் எடுக்கும், அவ்வளவு தான். வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.005%, ஒரு லட்சத்துக்கு 5 ரூபாய். பல ஈக்விட்டி ஃபண்டுகள்ல ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தா 1% எக்ஸிட் லோட் இருக்கும், போடுறதுக்கு முன்னாடி பாருங்க. வித்தா பணம் சில வேலை நாள்ல அக்கவுண்ட்டுக்கு வந்துடும், வேணும்ங்குற அளவு மட்டும் விக்கலாம், கணவன் மனைவி ரெண்டு பேரும் அவங்கவங்க சொந்த வருமானத்துல போட்டு வெச்சு வருஷா வருஷம் 1.25 லட்சம் லாபம் வரைக்கும் எடுத்தா வரியும் குறையும்.

ஃபண்டு பேரு பின்னாடி டைரக்ட், குரோத்னு ரெண்டு வார்த்தையும் இருக்கான்னு பாருங்க. ரெகுலர் பிளான்ல ஏஜென்ட் கமிஷன் உங்க பணத்துல இருந்து வருஷா வருஷம் போகும், தனியா பில் வராததால தெரியாது. அது வருஷத்துக்கு 1%ன்னு வெச்சுக்கிட்டா, 6.55 லட்சம் 15 வருஷத்துல 10%ல 27.4 லட்சம் ஆகும், 9%ல 23.9 லட்சம் தான் ஆகும், அந்த 1%க்கு விலை மூணரை லட்சம். ஆரம்பிக்கிறவங்களுக்கு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு ஒண்ணு போதும், ஏழெட்டு ஃபண்டு வாங்கினா உள்ள அதே கம்பெனிங்க தான் இருக்கும்.

பேங்க் கவுண்டர்ல ஃபண்டுன்னு சொல்லிட்டு யூலிப் இன்சூரன்ஸ் தலையில கட்டிடுவாங்க. பாலிசி நம்பர் குடுத்தா அது இன்சூரன்ஸ், ஃபோலியோ நம்பர் குடுத்தா தான் ஃபண்டு.

ஃபண்டுல உண்மையான ஆபத்து ஏத்த இறக்கம். 2020 ஜனவரில 12,300க்கு மேல இருந்த நிஃப்டி மார்ச் 23ல 7,610ல முடிஞ்சுது, அதே வருஷம் நவம்பர்ல பழைய இடத்தைத் தாண்டுச்சு. 2008ல பாதிக்கும் கீழ போய் அதைவிட ரொம்ப நாள் எடுத்துச்சு. மார்ச்ல பயந்து வித்தவங்களுக்கு அந்த 10% கணக்கு எதுவும் பொருந்தாது. மனையோட விலை தினமும் போன்ல தெரியாததால தான் யாரும் பயந்து விக்கிறதில்ல, அந்த ஒரு விஷயத்துல மனை பல குடும்பத்தைக் காப்பாத்தியிருக்கு. உங்க சுபாவம் எப்படின்னு உங்களுக்குத் தான் தெரியும்: 10 லட்சம் 6 லட்சமா தெரியும்போது எஸ்ஐபியை நிறுத்திடுவோம்னு தோணுச்சுன்னா, சொந்தப் பணத்துல, அப்ரூவல் உள்ள, தனிப்பட்டா உள்ள மனை வாங்குறது உங்களுக்கு சரியான வழியா இருக்கலாம். கடன் வாங்காம, பேப்பர் சுத்தமா, அஞ்சு வருஷத்துக்குள்ள அந்தப் பணம் தேவைப்படாதுன்னா மட்டும். இந்த மூணுல ஒண்ணு இடிச்சாலும் நான் ஃபண்டு பக்கம் தான் கை காட்டுவேன்.

6. வாங்கின பிறகு உடனே முடிக்க வேண்டியது

மனைன்னா பட்டா மாறுதல், காலிமனை வரி உங்க பேர்ல, நாலு மூலையிலயும் கல்லு, வருஷத்துக்கு ஒரு தடவை நேர்ல போய் தேதி தெரியுற மாதிரி போட்டோ, கூடவே ஒரு இசி எடுத்துப் பார்க்குறது. யாராவது போலிப் பத்திரம் பதிஞ்சிருந்தா அதுல தெரிஞ்சிடும். பொது அதிகாரப் பத்திரம் யாருக்கும் எழுதிக் குடுக்காதீங்க, வெளிநாட்டுல இருந்து குடுக்க வேண்டிய கட்டாயம்னா எந்த வேலைக்குன்னு வரையறுத்துக் குடுங்க.

ஃபண்டுன்னா நாமினி பேர் ஒவ்வொரு ஃபோலியோவுலயும் ஏறியிருக்கான்னு பாருங்க. நாமினி இருந்தா இறப்புச் சான்றும் அவங்க கேஒய்சியும் வெச்சு யூனிட்டை மாத்திக்கலாம், இல்லன்னா வாரிசு பேப்பர் எல்லாம் கேப்பாங்க. ஆனா நாமினிங்குறவர் பணத்தை வாங்கிக்கிறவர் மட்டும் தான், மத்த வாரிசுகளோட உரிமை அப்படியே இருக்கும், அதனால மனையோ ஃபண்டோ யாருக்கு எதுன்னு உயில்ல எழுதி அதைப் பதிவு பண்ணிடுங்க, சார்பதிவாளர் ஆபீஸ்ல இதுக்குன்னு பெரிய செலவு ஒண்ணும் ஆகாது.